எறா வறுக்கச் சொன்னா டயர் செஞ்சவன்

வாடா பேராண்டி, உக்காரு. காலையில நீ வறுத்துக் கொடுத்தியே எறா, அதை இன்னும் மென்னுக்கினு தான் இருக்கேன். கட்டுப்பல்லு நல்லா ஒக்காந்திருக்கா, இல்லியான்னு பாக்க இதைவிட நல்ல சோதனை கிடையாது. அம்பத்தூர்ல அந்தக் காலத்துல டன்லப் டயர் கம்பெனி இருந்துச்சு. நீ அப்பவே பொறந்திருந்தா கையோட வேலை போட்டுக் கொடுத்திருப்பான். ரப்பர் பால் இல்லாம, வெறும் எறாவுலயே ரப்பர் செய்யிறவனை எவன் வுடுவான்?

மூஞ்சியைத் தூக்காத. ஆவடி மார்க்கெட்ல நீ வாங்கினப்ப நானும் கூடத் தானே நின்னேன். ஓட்டோட அரைக் கிலோ. தலை கறுக்கலை, ஓடு வழவழன்னு பிசுக்கு இல்லை, மோந்தா கடல் வாசனை தான் வந்துச்சு. பண்ணையில வளக்குற வனாமி எறா. இது நம்ம ஊரு சாதி இல்லை, அமெரிக்காப் பக்கத்துக் கடல்லேர்ந்து வந்தது. 2009-ல தான் இங்க வளக்க அனுமதி கொடுத்தாங்க. பழவேற்காட்டு வெள்ளை எறா ருசி இதுக்கு வராதுன்னு நான் சொன்னா, ஆயாவுக்குப் பழைய காலமே நெனப்புன்னுவே. போவட்டும். எறா மேல தப்பு இல்லை. தப்பு அடுப்புக்கு இந்தாண்ட நின்ன ஆளு மேல.

நீ இன்னா செஞ்சே? மிளகாத்தூளு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சம்பழச் சாறு எல்லாத்தையும் பெசஞ்சு ராத்திரி முழுக்க ஊற வெச்சே. காலையில நான் மூடியைத் தொறந்து பாக்குறேன், எறா பாதி வெளுத்துப் போய்க் கெடக்குது. புளிப்புல ஊறினா அடுப்பு இல்லாமலே சதை இறுகிடும்டா. அடுப்புல ஏர்றதுக்கு முந்தியே பாதி வெந்த மாதிரி. அப்புறம் அதை வாணலியில கொட்டி, சிம்ல வெச்சு, மூடி போட்டு, செல்லு பாத்துக்கினு 20 நிமிசம் நின்னே. மூடியைத் தொறந்தா கொழம்பு மாதிரி தண்ணி. அது சுண்டட்டும்னு இன்னும் 10 நிமிசம். கடைசியில தட்டுல வந்தது எறாவா, முந்திரிப் பருப்பான்னு உன் பொண்டாட்டி கேட்டா பாரு, அவளுக்கு இன்னொரு பொடவை எடுத்துத் தரணும் நானு.

அந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? நீயா ஊத்தினே? எறா சதையில முக்கால் பாகம் தண்ணி தான். காலேஜ்ல படிக்கிற உன் தங்கச்சி சொன்னா, சதைக்குள்ள சூடு 50 டிகிரியைத் தாண்டும்போதே ஒரு வகைப் புரதம் கெட்டியாவ ஆரம்பிக்குதாம். கண்ணாடி மாதிரி இருந்த எறா வெள்ளையாவுது, பல்லுக்குப் பதமாவுது. 70 கிட்ட போவும்போது இன்னொரு புரதம் இறுகுதாம். அது ஈரத்துணியைப் பிழியிற மாதிரி உள்ள இருக்குற தண்ணியைப் பூரா வெளிய தள்ளிடும். அந்த ரெண்டுக்கும் நடுவுல தான் நம்ம பொழப்பு. சுட்ட கல்லுல அந்த எடைவெளி ஒரு நிமிசம் கூட நிக்காது. செல்லுல ஒரு வீடியோ ஓடி முடியறதுக்குள்ள தாண்டிப் போயிடும்.

வேவ வேவ மெத்துனு ஆவும்னு நெனச்சே இல்லே? அது ஆட்டுக்கறிடா. கறியில கெட்டியா சவ்வு இருக்குது, நேரமானா அது கரைஞ்சு கறி பூவாட்டம் ஆவும். எறாவுல அந்த மாதிரி கரையறதுக்கு ஒண்ணும் இல்லை. ஒரு வாட்டி இறுகினா இறுகினது தான். அதை மெதுவாக்க முடியாது, நாய்க்குப் போடலாம். நம்ம தெரு நாயி மோந்து பாத்துட்டுப் போயிடுச்சே, அதுக்கு நான் இன்னா பண்றது?

சரி, உன் கஷ்டமும் எனக்குப் புரியுது. சீக்கிரம் எடுத்தா மசாலா பச்சை வாடை அடிக்குது, மசாலா வேவற வரைக்கும் வுட்டா எறா செத்துப் போவுது. மசாலாவுக்கு 10 நிமிசம் வேணும், எறாவுக்கு ரெண்டே நிமிசம். அம்பத்தூர்ல எறங்குறவனையும் அரக்கோணம் போறவனையும் ஒரே எடத்துல எறக்கி வுட்டா சண்டை வராதா? ரெண்டையும் தனித்தனியா வேவ வெய்யி.

இன்னொரு அரைக் கிலோ வாங்கியாந்து, உரிச்சு, நரம்பு எடுத்து வெச்சிருக்கேன். உரிச்சா பாதி தான் தேறும், அதனால கால் கிலோன்னு வெச்சுக்க. முதுகுல மேலாகத் தான் கீறியிருக்கேன், நீ பொளந்த மாதிரி பொளக்கலை. உப்பும் மஞ்சளும் மட்டும் தடவி 10 நிமிசம் ஆச்சு. மிளகாத்தூளு இதுல போடவே இல்லை. ஏன்னு கேளு. பெரிய நெருப்புல தூளு தான் மொதல்ல கருகும். அப்புறம் பூந்தமல்லி வரைக்கும் இருமுவாங்க.

அந்தச் சட்டியில பாரு, மசாலா ரெடி. நல்லெண்ணெயில சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, கறிவேப்பில, இஞ்சி பூண்டு விழுது ஒரு ஸ்பூன், பச்சை வாடை போனதும் பாதித் தக்காளி, மிளகாத்தூளு ஒரு ஸ்பூன், தனியாத்தூளு அரை ஸ்பூன். எண்ணெய் ஓரத்துல பிரியற வரைக்கும் வதக்கியாச்சு. தண்ணிப் பசையே இல்லை பாரு, கரண்டியால வழிச்சா சட்டியோட அடி தெரியுது.

இப்ப எறாவைத் துணியில ஒத்து. நல்லா ஒத்துடா, கொழந்தைக்கு மூக்கு தொடைக்கிற மாதிரி தொடைக்காத. ஈரத்தோட போட்டா, கல்லோட சூடு பூரா அந்த ஈரத்தை ஆவியாக்கவே போயிடும், எறா செவக்காது, அவியும். அதே காரணத்துக்குத் தான் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டவும் கூடாது. இரும்பு தோசைக்கல்லு, ரெண்டு ஈடு. ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காரக் கூடாது.

கல்லுல எண்ணெய் வுட்டாச்சு, லேசாப் பொகையுது. ம், போடு. காதைக் குடு. சொர்ருனு சத்தம் வந்துச்சு இல்லே? அந்தச் சத்தம் அடங்கி சளசளன்னு கேட்டா தண்ணி வுட ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம், அப்போ கூட்டம் ஜாஸ்தின்னு பாதியை எடுத்துடணும். கரண்டியை வுடு! கெளறாத. ஒரு நிமிசம் சும்மா நிக்க மாட்டியா? ஆபீஸ்ல எட்டு மணி நேரம் சும்மா தானே ஒக்காந்திருக்கே.

இப்பத் திருப்பு. அடிப்பக்கம் செவந்து பொரிஞ்சிருக்கு பாரு. இந்தப் பக்கம் ஒரு நிமிசம் கூட வேணாம். வடிவத்தைப் பாரு, கருக்கரிவாள் மாதிரி வளைஞ்சிருக்கா? அது தான் பதம். தலையும் வாலும் தொட்டு மோதிரம் மாதிரி சுருண்டா, நீ காலையில செஞ்சது. தடிப்பா இருக்குற தலைப்பக்கம் கீறுன எடத்துல கண்ணாடி நெறம் போயி வெள்ளையாயிடுச்சா? அவ்ளோ தான், தட்டுல எடு. கல்லுலயே வுட்டு அடுப்பை அணைச்சா போதாது. இரும்பு சூடு அஞ்சு நிமிசத்துக்கு வேவ வெச்சுக்கினே இருக்கும்.

டைகர் எறா மாதிரி பெருசு வாங்கினா பக்கத்துக்கு இன்னொரு நிமிசம் சேத்துக்க. கொழம்புக்குன்னாலும் இதே கணக்கு தான், கொழம்பு கொதிச்சு முடிஞ்சப்புறம் கடைசியில போட்டு மூணு நிமிசத்துல எறக்கு. ஐஸ் பாக்கெட்டு எறா வாங்கினா மொதல் நாளே ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுல வெச்சு ஐஸ் எளக வுட்டு, தண்ணியை வடிச்சுட்டு அப்புறம் துணியைப் புடி.

ரெண்டாவது ஈடும் ஆச்சு. இப்ப மொத்தத்தையும் மசாலாச் சட்டியில போட்டு, மொளவுத்தூளு தூவி, அரை நிமிசம் பெரட்டு. எலுமிச்சம்பழத்தை அடுப்பை அணைச்சப்புறம் புழி.

ஒண்ணு எடுத்து எனக்குக் குடு. ம். கடிச்சா சாறு வருது. இதைத் தான் காலையிலயே... டேய், அந்தச் செல்லை எடுத்து போட்டோ புடிக்கிறதுக்கு முன்ன சட்டியை எறக்குடா! அடுப்பு இன்னும் எரியுது!