கிளை மேலாளர் எந்த நிமிடத்தில் ஓய்வு பெறுகிறார்? முதலியார்பேட்டையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

வங்கிக் கிளை மேலாளர் சரியாக எந்த நிமிடத்தில் ஓய்வு பெறுகிறார் என்ற கேள்வியைப் பல்கலைக்கழகங்கள் இன்னும் கையில் எடுக்கவில்லை. முதலியார்பேட்டையில், கடலூர் சாலையை ஒட்டிய கிளைகளில், பிரிவுபசார விழாவுக்கு மிக்சரும் கேசரியும் ஆர்டர் கொடுப்பவர்களுக்கோ இது வாழ்க்கைப் பிரச்சினை. எத்தனை மணிக்கு வரச் சொல்வது?

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. பொதுத்துறை வங்கியில் அறுபது வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளோடு பணி முடிகிறது. ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு மட்டும் முந்தைய மாதக் கடைசி. 1965 ஜூன் 2இல் பிறந்தவர் 2025 ஜூன் 30 வரை மேலாளர். அவருக்கு ஒரு நாள் மூத்தவர் மே 31 அன்றே வீட்டுக்குப் போயாக வேண்டும். ஒரு நாள் முன்னால் பிறந்த குற்றத்துக்கு ஒரு மாதச் சம்பளம் அபராதம். ஜூனில் பள்ளி திறக்கும்போது வயதைச் சரிக்கட்டி எழுதிப்போட்ட அந்தக் காலத்துத் தலைமையாசிரியர்களுக்கு இது தெரிந்திருந்தால் இரண்டாம் தேதி என்று எழுதியிருப்பார்கள்.

தேதிக் கட்சியினர், கடைசி நாளின் நள்ளிரவு வரை அவர்தான் மேலாளர் என்பார்கள். நடைமுறை இதை ஏற்பதில்லை. 2025 ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதம் ஓய்வு பெற்ற மேலாளர்கள் முந்தைய நாளே பொறுப்பை ஒப்படைத்தாக வேண்டியிருந்தது. நல்லவேளை, அது ஐந்தாவது சனி, வங்கி உண்டு. ஆக, ஞாயிறு முழுவதும் அவர்கள் சாவி இல்லாத மேலாளர்கள். ஆவணப்படி பதவியில் இருக்கிறார்கள், வீட்டில் கீரை ஆய்கிறார்கள்.

பொன்னாடைக் கட்சிக்கு ஆதரவாளர் அதிகம், ஆதாரம் குறைவு. அதிகாரிகளுக்கு மூன்று ஆண்டுக்கொருமுறை இடமாற்றம் என்பதால், பெரும்பாலும் கடைசிக் கிளைதான் அவரைக் குறைவாக அறிந்த கிளை. மேடையில் “சார் எங்களுக்கு அப்பா மாதிரி” என்பவர் அவரோடு பதினெட்டு மாதம் பழகியிருப்பார். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களே மூல ஆவணங்கள். மைக் அவர்களிடம் வருவதற்குள் கேசரி வந்துவிடும்.

இவ்வாய்வு சார்ந்து நிற்பது சாவிக் கட்சியை. பணப்பெட்டகம் ஒரே ஆளின் சாவிக்குத் திறக்காது. இரண்டு பொறுப்பாளர்கள், இரண்டு சாவிகள். ஒன்று ஹெட் கேஷியரிடம் இருக்கும். சின்னக் கிளையில் மற்றது பல நேரம் மேலாளரிடமே இருக்கும். ஒப்படைக்கும் நாளில் ரொக்கம் மதிப்புவாரியாக எண்ணப்பட்டு, கணினி காட்டும் இருப்போடு ஒத்துப்பார்க்கப்படும். நகைக்கடன் பைகள் பதிவேட்டோடு சரிபார்க்கப்படும். ஒரு பை குறைந்தாலும் பொன்னாடை காத்திருக்க வேண்டியதுதான். பெரும்பாலும் அது காலையில் கடனை அடைத்து மீட்ட நகையாக இருக்கும், பதிவேட்டில் கையெழுத்து விடுபட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்வரை எல்லோர் முகத்திலும் ஈயாடாது. எல்லாம் சரியானதும் சாவிப் பதிவேட்டில் தருபவர், பெறுபவர் இருவரும் நேரம் குறித்துக் கையெழுத்திடுவார்கள். 5.42 என்று எழுதியிருந்தால் 5.42. நமது கேள்விக்கு ஆவணம் தரும் ஒரே விடை அதுதான்.

கையெழுத்து முடிந்ததும் பழக்கதோஷத்தில் பேன்ட் பையைத் தட்டிப் பார்க்காத மேலாளர் அரிது. பக்கத்தில் நிற்கும் ஹெட் கேஷியர் அந்த நேரம் பார்த்து ரப்பர் ஸ்டாம்பைத் தேடத் தொடங்குவார். பிரிவுபசார உரைகள் எதிலும் இவ்வளவு மரியாதை இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. மாதக் கடைசி என்பது சம்பளமும் பென்ஷனும் கணக்கில் ஏறும் நாள். மூடிப்போன ஏ.எஃப்.டி. மில்லின் பழைய தொழிலாளி ஒருவர் பாஸ்புக்கோடு வந்து, 5.42 தாண்டிய பிறகும், “மேனேஜர் சார், இத கொஞ்சம் பாருங்க” என்று நீட்டினால், அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார். சாவி போன பிறகும் அதிகாரம் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கணினியில் அவருடைய ஐ.டி.யை முடக்குகிறார்கள், மற்றபடி முடக்க வழியில்லை.

பிறகு ஊழியர்கள் காரில் வீடுவரை கொண்டுபோய் விட்டு, மாலையை வாங்கி வாசலில் மாட்டி, காபி குடித்துத் திரும்புவார்கள். அடுத்த சந்திப்பு நவம்பரில் என்பது துறையின் பழைய துணிபு: ஊரார் எத்தனையோ பேரின் உயிர்ச் சான்றை வாங்கிக்கொண்டவர், தமது சான்றோடு கவுன்டருக்கு வெளியே நிற்பார். ஆனால் 2014இல் வந்த ஜீவன் பிரமாண் முறையால், இப்போது செல்பேசியில் முகத்தைக் காட்டியே உயிரோடிருப்பதை நிரூபித்துவிடலாம். இது ஊழியர்களுக்குப் பிடிக்கவில்லை. “சார், அந்த ஆப் சரியா வேலை செய்யாது, நேர்லயே வந்துடுங்க” என்று கடைநிலை ஊழியர் ஒருவர் கார்க் கதவைச் சாத்துமுன் சொல்வது, தொழில்நுட்ப ரீதியில் தவறான தகவல்.