ஒன்பது ரூபாய்க் கொள்ளைக்காரனின் பணிவான விண்ணப்பம்

பெறுநர்: மேன்மைமிகு கணக்குப் பிரிவு, தலைமை அலுவலகம்.
அனுப்புநர்: சில்லறைப் பெட்டிக் காவலன், வரிச்சிக்குடி கிளை.

ஐயா,

ஜூன் மாத வவுச்சர் கட்டு, ‘ரூ.9 குறைகிறது, மூன்று நாளில் விளக்கம் தருக’ என்ற தங்கள் சிவப்பு மை அருள்வாக்குடன் திரும்பி வந்தது. எங்கள் பியூன் அதை எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்தார். தங்கள் கழுகுக் கண்ணுக்கு வணக்கம். அந்த ஒன்பது ரூபாயில்தான் காரைக்கால் கடற்கரையில் மாடிவீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். மிச்சத்துக்குத் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையை விலை பேசுகிறேன்.

எங்கள் இம்ப்ரெஸ்ட் 3,000 ரூபாய். மாதத்தின் எந்த நாளில் பெட்டியைத் திறந்தாலும் வவுச்சரும் கையிருப்பும் சேர்ந்து அந்த 3,000 வர வேண்டும். ஜூன் கடைசியில் வவுச்சர் 2,754, ரொக்கம் 246. கூட்டிப் பார்த்தருளவும்.

தாங்கள் கூட்டியது 2,745. வித்தியாசம் ஒன்பதாகவோ, ஒன்பதால் மீதியின்றி வகுபடும் தொகையாகவோ வந்தால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் முதலில் சந்தேகப்படுவார். 11ஆம் வவுச்சரைப் பார்க்கவும். 27 பக்கம் ஜெராக்ஸ், பக்கத்துக்கு 2 ரூபாய், ஆக 54. தங்கள் பதிவேட்டில் அது 45. என் மாடிவீட்டின் அஸ்திவாரம் அங்கேதான் இருக்கிறது.

அதே வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லை என்றும் குறித்திருக்கிறீர்கள். ரசீதுக்கு அந்த ஒரு ரூபாய் ஸ்டாம்ப், தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால்தான். 3,000 ரூபாய்ப் பெட்டியிலிருந்து 5,000 ரூபாய் வவுச்சர் எடுக்கும் வித்தையை எனக்கும் கற்றுத் தந்தால், டேனிஷ் கோட்டைக்கு இன்றே அச்சாரம் கொடுத்துவிடுவேன்.

ஒன்பது ரூபாயில் சந்தேகம் என்றால் அந்த ஒரு வவுச்சரை நிறுத்திவைத்து, மீதி 2,700 ரூபாயை அனுப்பியிருக்கலாம். மொத்தக் கட்டையும் திருப்பிவிட்டீர்கள். பெட்டியில் இருந்த 246 ரூபாய் பினாயிலுக்கும் ஆட்டோவுக்கும் தீர்ந்துபோனது. பெருக்க வரும் அம்மா தன் காசில் துடைப்பம் வாங்கி வந்தார். ஐயா, இது வெட்கக்கேடு. தினக்கூலிக்காரரிடம் ஒரு அலுவலகம் கடன் வாங்கி நடக்கக் கூடாது. பெட்டி வறள்வதற்கு முன்னால் செலவான தொகையை அப்படியே ஈடுகட்டத்தானே இம்ப்ரெஸ்ட் என்று ஒரு முறை இருக்கிறது?

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்தருள்க. கோட்டை வாங்குகிற அவசரம்.

கொள்ளையடித்ததை மாங்கனித் திருவிழாவில் மாம்பழமாக இறைத்துவிட்டேனா என்று விசாரிக்கத் தாங்கள் நேரில் வந்தாலும் மகிழ்ச்சியே. வரும்போது நான் கேட்கும் மூன்றையும் செய்துவிடவும். 11ஆம் பதிவை 54 என்று திருத்துங்கள். முழுதாக 2,754 ரூபாயை அனுப்புங்கள். துடைப்பத்துக்கான வவுச்சரை அந்த அம்மாவின் கையெழுத்தோடு இத்துடன் வைத்திருக்கிறேன், அது ஜூலைக் கணக்கு. கடைக்காரர் ரசீது தரவில்லை என்று அதைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள கொள்ளைக்காரன்