பூட்டு கெட்டி, ஜிப்பு?

கே: மதுரையிலிருந்து சிங்கப்பூர் போகிறேன். கேபின் பெட்டிக்கு நம் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு போட்டால் போதுமா?
- நாகல் நகர் வாசகி

ப: 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அம்மா, அதை யார் குறை சொல்வார்கள்? ஆனால் திருடன் பூட்டைத் தொடவே மாட்டான். சாதாரண நைலான் சுருள் ஜிப்பில் பால்பாயிண்ட் பேனா முனையை அழுத்திக் குத்தினால் பற்கள் விலகிப் பெட்டி வாய் திறக்கும். வேலை முடிந்ததும் பூட்டோடு சேர்த்து ஜிப் தலையை ஒரு சுற்று இழுத்தால் பழையபடி மூடிக்கொள்ளும். திறந்த சுவடே தெரியாது. அதனால் கடையில் இரட்டை அடுக்கு ஜிப் கேளுங்கள். வாங்குமுன் ஜிப்பை நான்கு மூலையிலும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வெறும் பெட்டியிலேயே மூலையில் திக்கினால், துணி அடைத்தபின் அங்கேதான் பிளக்கும். பாஸ்போர்ட்டும் பணமும் எப்போதும் உங்கள் தோள்பையில்.

கே: ஏபிஎஸ்ஸா, பாலிகார்பனேட்டா?
- சின்னாளபட்டி

ப: பாலிகார்பனேட். அடிபட்டால் வளைந்து நிமிரும். ஏபிஎஸ் விலை குறைவு, மூலையில் விழுந்தால் விரிசல் விடும். இரண்டையும் கலந்தும் விற்கிறார்கள், உள்ளே இருக்கும் லேபிளைப் படியுங்கள். பாலிப்ரோப்பிலீனும் நல்ல வளைவு தாங்கும். கையோடு கொண்டுபோகும் பெட்டிக்கு ஓடு சீக்கிரம் போகாது. முதலில் போவது சக்கரம்.

கே: நாலு சக்கரமா, இரண்டா?
- ஒட்டன்சத்திரம்

ப: விமான நிலையத் தரையில் நாலு சுகம். திண்டுக்கல் ஜங்ஷன் நடைமேடையிலும் பஸ் ஸ்டாண்ட் பள்ளத்திலும் பெரிய இரண்டு சக்கரமே தாக்குப்பிடிக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. இண்டிகோ போன்ற நிறுவனங்கள் 55 செ.மீ. உயரம், 7 கிலோ என்கின்றன. அந்த உயரத்தில் சக்கரமும் சேர்த்தி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாலு சக்கரம் அந்த அளவுக்கு உள்ளிடத்தைத் தின்றுவிடும். பெட்டியே 3 கிலோ என்றால் உங்களுக்கு மிச்சம் 4.

உள் துணியின் ஜிப்பைத் திறந்து, சக்கரம் எதில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். திருகாணி தெரிந்தால் பிறகு மாற்றலாம். ரிவெட் அடித்திருந்தால் துளைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கே: ஐந்து வருட வாரண்டி என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
- நிலக்கோட்டை

ப: வாரண்டி பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்கு மட்டும். சக்கரத் தேய்மானம், கீறல், விமான நிறுவனம் உடைத்தது எல்லாம் வெளியே. எனவே எத்தனை வருடம் என்பதை விட்டுவிட்டு மூன்று கேளுங்கள்: சர்வீஸ் சென்டர் எந்த ஊரில், இந்த மாடலின் சக்கரம் தனியாகக் கிடைக்குமா, அனுப்பும் செலவு யாருடையது. விஐபி, சஃபாரி, அமெரிக்கன் டூரிஸ்டர் எதுவானாலும் கேள்வி இதுதான். மாடல் எண்ணையும் பில்லையும் அன்றே படமெடுத்து வையுங்கள். ஜிப் தலை மட்டும் கழன்றால் உள்ளூர் பை தைப்பவரே மாற்றித் தருவார். சக்கரத்துக்கும் இழுவைக் கைப்பிடிக்கும்தான் கம்பெனி வாசல் ஏற வேண்டும்.