மாதிரிக் கையொப்பம்

மனிதனுடைய முகமும் குரலும் நடையும் வயதுக்கேற்ப மாறுவதை இயற்கையென்று ஒப்புக்கொள்ளும் உலகம், அவனுடைய கையொப்பம் ஒன்று மாத்திரம் கணக்குத் திறந்த தினத்தில் இருந்தபடியே சாகுமட்டும் இருக்கவேண்டுமென்று எதிர்பார்ப்பதன் விசித்திரத்தை, வடமராட்சியிலுள்ள வங்கியொன்றில் என் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் நான் பூரணமாக அனுபவித்தேன்.

பெரியப்பா கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். அக்காலத்து உத்தியோகத்தருக்குரிய கம்பீரத்தோடு, ஆங்கிலத்தில், கடைசி எழுத்தின் வாலைப் பின்னால் இழுத்துப் பெயர் முழுவதையும் அடிக்கோடிடும் ஒரு கையொப்பத்தை அவர் சிருஷ்டித்து வைத்திருந்தார். பன்னிரண்டு இலக்கப் புதிய அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோதோ, நடுங்கும் விரல்களுக்கும் சிறிய கட்டத்துக்கும் அந்த வால் அடங்காமையால், தமிழில் நாலெழுத்தோடு நிறுத்திக்கொண்டார். பணமெடுக்கும் சீட்டிலும் அதையே வைத்தார்.

“ஐயா, இது அடையாள அட்டையோடை ஒத்துப்போகுது. எங்கடை அட்டையோடைதான் ஒத்துப்போகேல்லை” என்றாள் அலுவலர்ப் பெண்.

“பிள்ளை, அந்தக் கையெழுத்தை வைச்சவனுக்கு முப்பது வயசு. அவனை நான் எங்கை போய்த் தேடுறது?” என்றார் பெரியப்பா.

அவள் சொன்னது நியாயந்தான். எதிரில் நிற்பவர் இன்னாரென்று சொல்வது அடையாள அட்டையின் வேலை. அவருடைய பணம் எந்தக் கையொப்பத்துக்குக் கட்டுப்படவேண்டுமென்று சொல்வது வங்கியிலுள்ள மாதிரிக் கையொப்ப அட்டையின் வேலை. 1927-ஆம் ஆண்டின் மாற்றுண்டியல் கட்டளைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பொய்க் கையொப்பம் அறவே செல்லாதென்கிறது. ஆகவே போலிக் காசோலைக்குப் பணம் கொடுத்த வங்கி, அதை வாடிக்கையாளரின் கணக்கிலே கழிக்க முடியாமல் சாதாரணமாகத் தானே நஷ்டத்தைச் சுமக்கவேண்டும். பணமெடுக்கும் சீட்டிலும் அதே பயம் தொடர்வதில் ஆச்சரியமில்லை.

இனி, ஒப்பிடுவது என்பது உருவத்தை அளப்பதென்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். பேனா எங்கே தூக்கப்பட்டது, கோடு எந்த வேகத்தில் ஓடியது, எழுத்துகளுக்கிடையே எவ்வளவு வெளி விழுந்தது என்பவையே தேர்ந்த கண்ணுக்கு முக்கியம். முதியவரின் கோடு நடுங்கினாலும் போகவேண்டிய திசையில் போய்க்கொண்டிருக்கும். பார்த்து வரைபவனின் கோடோ நடுவழியில் நின்று யோசித்து, விட்ட இடத்தைத் திருத்திக்கொண்டு செல்லும். அதீத ஒற்றுமையும் ஆபத்தே. அமெரிக்காவில் சில்வியா ஹவுலண்ட் என்னும் சீமாட்டியின் உயில் சம்பந்தமாக நடந்து 1868-இல் முடிந்த வழக்கிலே, பெஞ்சமின் பியர்ஸ் என்ற கணித பண்டிதர், அவளுடைய மெய்யான கையொப்பங்கள் 42-ஐ ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கச்செய்து, சர்ச்சைக்குரிய கையொப்பம் மூலத்தோடு கீழ்நோக்கிய 30 கோடுகளிலும் பொருந்துவது இயற்கையில் நிகழக்கூடியதன்று என்று சாட்சி சொன்னார். வழக்கு வேறொரு சட்ட நுணுக்கத்தால் தீர்ந்தது வேறு விஷயம். வித்தியாசமாயிருந்தால் வங்கி மறுக்கிறது, அச்சுப்போல ஒத்திருந்தால் நிபுணர் மறுக்கிறார். நடுவிலுள்ள இடுக்கில்தான் உத்தமர்கள் கையொப்பமிடவேண்டும்.

பெரியப்பாவின் மாதிரிக் கையொப்பத்தை மாற்ற இணங்குவதா என்று வங்கி தீர்மானிக்கும் கட்டத்தில் எனக்கு ஓர் அவமானம் நேர்ந்தது. அவருக்காக நான் வெகு உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, அந்தப் பெண் மிக மரியாதையாக, “நீங்கள் அங்காலை கதிரையிலை இருங்கோ” என்றாள். முதியவரின் கையொப்பம் மாறும் வேளையில் அதிகம் பேசும் பெறாமகனே அபாய அறிவிப்பு என்பதும், மாற்றிய கையோடு பெருந்தொகை கேட்டால் சந்தேகம் இரட்டிக்கும் என்பதும் பிற்பாடு விளங்கின. பெரியப்பா கேட்டதோ மாதச் செலவுக்கான தொகை; அது அவருக்கு அனுகூலமாயிற்று.

பிறகு வெற்றுத்தாளில் அவரை ஆறுதலாகப் பல தடவை ஒப்பமிடச் சொன்னாள். பழையதையும் முயன்று பார்க்கச் சொன்னாள். வால் பாதியிலே தளர்ந்தாலும், முதலெழுத்தைத் தொடங்கும் சாய்வு மாறவில்லை. பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு படிவத்தில் ஏறின. அடையாள அட்டையின் மூலப்பிரதி பார்க்கப்பட்டது. பதிவிலுள்ள தொலைபேசி இலக்கம் சரிபார்க்கப்பட்டது. “என் முன்னிலையில் வைக்கப்பட்டது” என்று அவள் ஒப்பமிட, மேலதிகாரி ஒருவர் அதன்மேல் அங்கீகரித்தார். கனடாவிலுள்ள மகன் மூலம் ஒரு கடிதத்தில் முடித்துவிடலாமென்று முன்பு நாங்கள் போட்ட திட்டம் எவ்வளவு பேதைமை என்று அப்போது தெரிந்தது. பிரத்தியட்சமாக ஒரு கை எழுதுவதை உத்தியோகத்தர் ஒருவர் கண்ணால் காண்பதே இக்கிரியையின் சாரம்.

“பழைய கையெழுத்திலை குடுத்த காசோலை ஏதும் வெளியிலை நிக்குதோ ஐயா?” என்று கடைசியாகக் கேட்டாள். நல்ல கேள்வி, பழைய மாதிரி ரத்தானபின் வரும் காசோலை, கையொப்பம் வேறுபடுகிறதென்று திரும்பிவிடும். ஊர்க்கோயில் திருவிழா உபயத்துக்கென்று, நல்ல தெம்பிருந்த ஒரு நாளில், வால் சகிதம் கொடுத்த ஒன்று அவருக்கு நினைவு வந்தது. அதை மீட்டுக்கொண்டு, புதிய கையொப்பத்தோடு வேறொன்று எழுதிக் கொடுத்தோம்.

தர்மகர்த்தா அதைக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்துவிட்டு, பெரியப்பாவை விடுத்து என் முகத்தையே சந்தேகமாக நோக்கி, “தம்பி, இது அவற்றை கையெழுத்து இல்லையே!” என்றார்.