பாலுக்குத் தெரியாத 'கூடிய விரைவில்'

கிளிநொச்சிப் பக்கத்துப் பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றின் தொழில் தொடர்ச்சித் திட்டத்தைப் பார்வையிடக் கிடைத்தது. மட்டை வெகு அழகு.

'மின்சாரம் நின்றால் ஜெனரேற்றர் இயங்கும்' என்றது முதல் வரி. "மாதா மாதம் ஸ்ராட் பண்ணிப் பாக்கிறனாங்கள், சேர்" என்றார் முகாமையாளர். சும்மா உறுமுவது வேறு, குளிரூட்டியின் சுமையை இழுப்பது வேறு. அதை யாரும் சோதித்ததில்லை.

டீசல் வீதியால் வருமாம். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்ததும், கிளிநொச்சி வெள்ளத்தில் கிடந்ததும் திட்டத்தின் காதுக்கு எட்டவில்லை. தொடர்புப் பட்டியலில் மின்பொறியியலாளர் எப்போதோ இடமாற்றம் பெற்றவர். டீசல்காரருக்குப் பெயர் உண்டு, இலக்கம் இல்லை.

மீள இயங்கும் நேரம்: 'கூடிய விரைவில்'. வன்னி வெக்கையில் குளிரூட்டாத பால் ஏறக்குறைய நாலு மணித்தியாலம் தாங்கும். கறந்து, சேர்த்து, வாசலுக்குக் கொண்டுவரவே இரண்டு போய்விடும். ஆக இலக்கு இரண்டு மணித்தியாலம். முடியாவிட்டால் பாலை எங்கே திருப்புவது என்றும் எழுதவேண்டும்.

திட்டத்தின் ஒரே பிரதி எங்கே என்று கேட்டேன். அலுவலகக் கணினியில், கரண்ட் இருந்தால் பார்க்கலாமாம்.