ஒரே பக்கத்தில் இரண்டு தீர்ப்பு

கேள்வி: புள்ளியியல் கணக்கு ஒன்றின் விடையைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். 50 கிராம் தேயிலைப் பொட்டலங்கள் 16-ஐ நிறுத்ததில் சராசரி 52, திட்ட விலக்கம் 4. டி மதிப்பு 2.0. 5% அளவில் இருமுனைச் சோதனை செய்து, ‘சராசரி 50 என்பதை மறுக்கிறோம்’ என்று முடித்திருக்கிறார்கள். கீழே 95% நம்பிக்கை இடைவெளி: 49.87 முதல் 54.13 வரை. ஒப்பிட்ட அட்டவணை எண் மட்டும் படத்தில் மங்கிவிட்டது. விடை சரியா?

பதில்: தவறு. அந்த மங்கிய எண்ணைப் படிக்காமலே சொல்லிவிடலாம். 95% இடைவெளி என்பது, 5% இருமுனைச் சோதனையில் மறுக்க முடியாத சராசரிகள் எல்லாம் சேர்ந்த கூட்டம். 50 அந்தக் கூட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. மேலே அதையே மறுத்திருக்கிறார்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக முடியாது. குற்றவாளி எது? திட்டப் பிழை 4-ஐ √16-ஆல் வகுத்தால் 1. இடைவெளியின் பாதி அகலம் 2.13. டி அட்டவணையின் 15-ஆம் வரியில் இருமுனை 5%-க்கு உரிய எண் 2.131. ஆக, இடைவெளி சரி. 2.0 அந்த எண்ணை எட்டவில்லை, மறுத்ததுதான் பிழை. மங்கிய எண் 2.0-க்குக் குறைவாகத்தான் இருந்திருக்க வேண்டும். சந்தேகம் இரண்டின் மேல்: ஒருமுனைக்கான 1.753, அல்லது இயல்நிலைப் பரவலின் 1.96. படத்தைப் பெரிதாக்கி, புள்ளிக்கு அடுத்த இலக்கம் 7-ஆ 9-ஆ என்று பாருங்கள். 7 என்றால் பக்கத்துப் பத்தியை எடுத்திருக்கிறார்கள். 9 என்றால் அட்டவணையே மாறிவிட்டது.

‘அப்படியானால் இரண்டும் ஒத்துப்போனால் விடை சரிதானே?’ என்று கேட்பீர்கள். இல்லை. √16-ஆல் வகுக்க மறந்திருந்தால் டி 0.5 ஆகும், இடைவெளி 43.48 முதல் 60.52 வரை விரியும். இரண்டும் கைகோத்துக்கொண்டு தப்பாக நிற்கும். முரண்பாடு பிழையைக் காட்டிக்கொடுக்கும். உடன்பாடு எதற்கும் சான்றல்ல.

இன்னொரு மறுப்பு கனமானது: முரண்பட்டால் பிழைதான் என்று எப்போதும் சொல்ல முடியுமா? சோதனையும் இடைவெளியும் ஒரே திட்டப் பிழையைப் பயன்படுத்தினால் மட்டுமே சொல்லலாம். விகிதக் கணக்கில் அது நடப்பதில்லை. 50 பேரில் 16 பேர், அதாவது 0.32; சோதிக்கும் விகிதம் 0.2. சோதனை திட்டப் பிழையை 0.2-லிருந்து எடுக்கிறது: மதிப்பு 2.12, மறுக்கிறோம். பாடநூல் இடைவெளியோ 0.32-லிருந்து எடுக்கிறது: 0.191 முதல் 0.449 வரை, 0.2 உள்ளே. இங்கே யாரும் கூட்டல் கழித்தலில் தவறவில்லை. இப்படி ஒரு படம் வந்தால் மாணவரின் மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள். உங்கள் தேயிலைக் கணக்கில் அந்தச் சலுகைக்கு இடமில்லை: சோதனையின் கடைசி வரியை அடித்துவிட்டு ‘மறுக்கப் போதிய ஆதாரம் இல்லை’ என்று எழுதுங்கள்.