ஆட்டுப் புழுக்கை

ஏலே பேராண்டி, இங்க வா. கோயில் கொடைக்கு நீ எழுதின நோட்டீசைப் படிச்சேன். படிச்சேன்னு சொல்றதைவிடத் தடுக்கித் தடுக்கி விழுந்தேன்னு சொல்லணும். வரிக்கு வரி காற்புள்ளி. ஆட்டுப் புழுக்கை சிந்தின மாதிரி.

இதைப் பாரு: பூசாரி, "வெள்ளிக்கிழமை, கொடை நடக்கும்," என்று, கூறினார். வார்த்தை ஆறு, காற்புள்ளி நாலு! மேற்கோள் குறி தனி. 'என்று' எதுக்குலே இருக்கு? பேச்சு இங்க முடிஞ்சுதுன்னு அதுதானே சொல்லுது. இங்கிலீஷ்ல அந்தச் சொல் கிடையாது, பாவம், அவன் குறி போட்டு வேலி கட்டுறான். நம்ம வீட்ல கதவு இருக்கும்போது முள்ளு வேற வெட்டிப் போடுறியே.

சரி, எல்லாத்தையும் துடைச்சிப் பாப்போம்: பூசாரி வெள்ளிக்கிழமை கொடை நடக்கும் என்று கூறினார். இப்ப சிக்கல். கொடை வெள்ளிக்கிழமையா, இல்ல பூசாரி வெள்ளிக்கிழமை வாயைத் திறந்தாரா? பேச்சு முடியிற இடம் 'என்று'ல தெரியும், தொடங்குற இடம் தெரியாது. இங்கதான் உன் இங்கிலீஷ்காரன் கெட்டிக்காரன், ஒத்துக்கிடுதேன்.

ஆனா குறியைத் தேடி ஓடாதே. பூசாரியைத் தூக்கி அந்தப் பக்கம் உக்கார வை: வெள்ளிக்கிழமை கொடை நடக்கும் என்று பூசாரி கூறினார். குழப்பம் போச்சா? அவர் சொன்னதை எழுத்து மாறாமப் போடணும்னா, சாமி வந்து திட்டினதைப் போடுற மாதிரி, அப்ப மேற்கோள் குறி போடு. வேண்டாங்கல. நடக்கும்-க்குப் பின்னால ஒரு காற்புள்ளி தொங்குதே, அதை மட்டும் கழத்திரு.

அடுத்த வரி: அன்னதானம், வில்லுப்பாட்டு, மற்றும் கரகாட்டம். 'உம்' வீட்ல சும்மா படுத்துக் கிடக்கு, அதை எழுப்பு. அன்னதானமும் வில்லுப்பாட்டும் கரகாட்டமும். குறியும் வேண்டாம், 'மற்றும்'மும் வேண்டாம்.

அப்புறம் 'கொடைக்குத், தவறாமல்'. இதுலதான் சிரிச்சிட்டேன். அந்த 'த்' அடுத்த சொல்லைக் கட்டிப்பிடிக்க வந்தது. நடுவுல புள்ளி போட்டா எங்க பிடிக்கும்? நின்னா ஒற்று இல்லை, ஒற்று இருந்தா நிக்கிறது இல்லை.

ஓலையில எழுதுன காலத்துல இதெல்லாம் ஏது? மெய்யெழுத்துப் புள்ளியைக்கூடப் போடாம விட்டாங்க. எழுத்தாணி குத்தினா ஓலை கிழியும்னு சொல்லுவாங்க. வினைமுற்று வந்ததும் வாக்கியம் முடிஞ்சுதுன்னு படிக்கிறவனுக்கே தெரியும். 1812ல திருக்குறள் அச்சுல வந்தது, அந்த நூற்றாண்டுலதான் நாவலர் மாதிரி ஆளுங்க உரைநடையில குறிகளைப் புகுத்தினாங்க. முற்றுப்புள்ளி நல்ல வரவு, வச்சுக்கோ. அதுக்காக 'வந்தான். சாப்பிட்டான். தூங்கினான்.'னு தந்தி அடிக்காதே. வந்து சாப்பிட்டுத் தூங்கினான்னு விடு, அவன் நிம்மதியாத் தூங்கட்டும்.

துடைச்சி முடிச்சிட்டியா? இப்ப நோட்டீசுல அடியில ஒரு வரிக்கு இடம் மிச்சம் கிடக்கு பாரு. அங்க உங்க தாத்தா பேரைப் போடு. கொஞ்சம் பெரிசா.